பள்ளமான மனைக்கு எத்தனை லோடு மண்?

சாலையைவிடத் தாழ்ந்த மனைக்கு மண் அடிக்கும்போது, லோடு எண்ணிக்கையைப் பெரும்பாலும் மண் கொண்டுவருபவரே கண் பார்வையில் சொல்லிவிடுகிறார். பள்ளத்தின் கன அளவு, மண் இறுகும் விகிதம், டிப்பர் தொட்டியின் உண்மையான கொள்ளளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் அந்தக் கணக்கை மனைக்காரரே போட்டுவிடலாம்.

முதலில் சாலை மட்டம் எது என்று முடிவு செய்ய வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். 20 அடி அகலச் சாலையில் இந்த வித்தியாசம் சுமார் 3 அங்குலம். கேட்க அற்பமாகத் தோன்றினாலும், 30 அடிக்கு 40 அடி மனையில் 3 அங்குலம் என்பது 300 கன அடி மண். ஆகவே சாலையின் நடுவா ஓரமா என்று தீர்மானித்து, அந்த மட்டத்தை எதிர்வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ பெயின்டால் குறித்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்தபின் சரிபார்க்கவும் அந்தக் குறிதான் உதவும்.

பள்ளத்தின் ஆழத்தை அளக்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலைக் குறியில் பிடித்தால், மறுமுனையில் தண்ணீர் நிற்கும் உயரமே சாலை மட்டம். அங்கிருந்து தரை வரை டேப்பால் அளக்க வேண்டும். நான்கு மூலைகளை மட்டும் அளந்தால் நடுவில் உள்ள குழி கணக்கில் வராது; வரிசைக்கு மூன்றாக ஒன்பது இடங்களிலாவது அளக்க வேண்டும்.

மேற்சொன்ன மனையில் சாலையோர வரிசையில் 1.5, 2, 1.5 அடியும், நடு வரிசையில் 2.5, 3, 2.5 அடியும், பின் வரிசையில் 3, 3.5, 3 அடியும் ஆழம் இருப்பதாகக் கொள்வோம். ஒன்பதையும் கூட்டினால் 22.5, சராசரி 2.5 அடி. மனைப் பரப்பு 1,200 சதுர அடி என்பதால் பள்ளம் 3,000 கன அடி. தமிழ்நாட்டில் மண், மணல், ஜல்லி வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக, 30 யூனிட் பள்ளம்.

30 யூனிட் மண்ணை இறக்கினால் பள்ளம் நிரம்பிவிடாது. வெட்டி அள்ளிய மண் உதிரியாக, இடையிடையே காற்றோடு லாரியில் வருகிறது. தண்ணீர் விட்டு இடித்தால் அது சுருங்கும். செம்மண், கிராவல் போன்றவற்றுக்குக் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். களிமண் கட்டிகளாக வந்தால் இந்தக் கணக்கு பிசகும், அதை நிரப்பாமல் விடுவதே மேல். 30 யூனிட்டோடு கால் பங்கு சேர்த்தால் 37.5 யூனிட், அதாவது 3,750 கன அடி.

அதிகம் ஏமாறும் இடம் டிப்பர் தொட்டிதான். 'மூணு யூனிட் வண்டி' என்பது வாய்ப்பேச்சு. தொட்டியின் உள்நீளம், உள்ளகலம், உள்ளுயரத்தை அளப்பதே நிச்சயம். உள்ளளவு 12 அடி நீளம், 6.5 அடி அகலம், 4 அடி உயரம் இருந்தால் கொள்ளளவு 312 கன அடி. விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி வந்தால் 12 லோடில் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். விளிம்புக்கு அரை அடி கீழே மண் நின்றாலோ லோடுக்கு 39 கன அடி குறைந்து, அதே பள்ளத்துக்கு 14 லோடு தேவைப்படும். இரண்டு லோடு காசு அந்த அரை அடியில் போய்விடுகிறது. நீண்ட தூரம் குலுங்கி வரும்போது மண் ஓரளவு தானாகவே அமுங்கும், அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவில் கூம்பாகக் குவித்து நான்கு மூலைகளையும் காலியாக விட்ட லோடு, பக்கத்தில் நின்று பார்க்கும்போது நிறைந்ததாகவே தெரியும். கொட்டும் முன் வண்டியின் மேல் ஏறிப் பார்த்தால்தான் மூலைகள் கண்ணில் படும்.

கணக்கில் சேர்க்கவும் கழிக்கவும் வேண்டியவையும் உண்டு. புல், வேர், குப்பை கலந்த மேல்மண்ணை அரை அடி வழித்தெடுத்தால், 600 கன அடி பள்ளம் கூடும். இறுகுவதையும் சேர்த்தால் இரண்டு லோடுக்கு மேல். மாறாக, அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண் நல்லதாக இருந்தால் அது மனைக்கே திரும்பிவரும். சுற்றுச்சுவர் இல்லாத பக்கத்தில் மண் சரிந்து அடுத்த மனைக்குள் போகும் என்பதால், ஆழமான பின்பக்கத்திலாவது தடுப்புச்சுவரை முதலில் எழுப்பிவிடுவது வழக்கம்.

மொத்த மண்ணையும் ஒரே நாளில் கொட்டி மேலே சமன் செய்தால், அடியில் இறுகாமல் நின்ற மண் மழையில் அமுங்கித் தரை பிளக்கும். முக்கால் அடி அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் நனைத்து ரோலரால் இறுக்க வேண்டும். இந்த மனைக்கு முதலில் 10 லோடு மட்டும் வரவழைத்து இறுக்கிவிட்டு, லெவல் டியூபால் மீண்டும் ஒன்பது இடங்களையும் அளந்தால், கடைசியில் தேவைப்படுவது இரண்டு லோடா மூன்றா என்பது சரியாகத் தெரிந்துவிடும்.