பாதிக் கடையை உள்வாடகைக்கு விட்டால் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

பண்டாரவளை நகரில் பல கடைகளுக்குள் இன்னொரு கடை இருக்கிறது. புடவைக் கடையின் முகப்பில் தொலைபேசி திருத்துபவர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியோடு இருப்பார். பலசரக்குக் கடையின் ஓரத்தில் பலகை அடைத்துத் தையல் இயந்திரம் ஒன்று ஓடும். கடையைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் ஒரு பகுதியை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். சட்டத்தில் இதற்கு உபகுத்தகை என்று பெயர். கடைத்தெருவில் உள்வாடகை என்றால் போதும்.

வாடகைச் சுமையைக் குறைக்க இது சுலபமான வழியாகத் தோன்றும். உண்மையில் எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்தவை. வாசகர்கள் தங்கள் கடையின் தொகைகளைப் போட்டுப் பார்க்கலாம்.

கடையின் பரப்பு 400 சதுர அடி. உரிமையாளருக்கு மாதம் 60,000 ரூபாய் வாடகை. குத்தகை இரண்டு வருடங்களுக்கு. கடைக்காரர் முகப்பில் 120 சதுர அடியைப் பிரித்து 30,000 ரூபாவுக்கு விடுகிறார். “இனி என் வாடகை 30,000தான்” என்பது அவரது நினைப்பு. சதுர அடிக் கணக்கும் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. அவர் கொடுப்பது சதுர அடிக்கு 150 ரூபாய், வாங்குவதோ 250 ரூபாய்.

இப்போது ஒரு வருடத்தை எடுத்துக்கொள்வோம். உரிமையாளருக்குப் போவது 7,20,000 ரூபாய். உள்வாடகைக்காரர் ஒருவர் விலகி அடுத்தவர் வரும் வரை ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால், வருவது 11 மாத வாடகையான 3,30,000 ரூபாய்.

அதிலிருந்து இரண்டு செலவுகளைக் கழிக்க வேண்டும். முதலாவது, தடுப்பும் தனிக் கதவும் போட்ட செலவு. அது 96,000 ரூபாய் என்றால், குத்தகை இரண்டு வருடம் என்பதால் வருடத்துக்கு 48,000 ரூபாய். இரண்டாவது, மின்சாரம். கடைக்கு ஒரே மின்மானி. உள்வாடகைக்காரரின் பாவனையால் பட்டியல் மாதம் 5,000 ரூபாய் கூடுகிறது, அவர் தருவது 3,000 ரூபாய். 11 மாதங்களில் 22,000 ரூபாய் கடைக்காரர் தலையில் விழுகிறது. கடைகளுக்கான பொதுநோக்கு மின்கட்டணத்தில் மாதப் பாவனை 180 அலகுகளைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும். ஆகவே இருவரின் பாவனையும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனியாக ஓர் உபமானி பொருத்தினால் யார் எத்தனை அலகு எரித்தார் என்ற வாக்குவாதமாவது மிஞ்சாது.

இவற்றைக் கழித்தால் உள்வாடகையால் வரும் உண்மையான நன்மை 2,60,000 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 21,700 ரூபாய். அதாவது அவரது வாடகை 30,000 ஆகக் குறையவில்லை, ஏறக்குறைய 38,300 ஆகத்தான் குறைந்திருக்கிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. விட்டுக்கொடுத்தது கடையின் முகப்பு. தோட்டங்களில் சம்பளம் கிடைத்ததும் சனம் நகரத்துக்கு இறங்கும் நாட்களில், பாதையில் போகிறவரை உள்ளே இழுப்பது முகப்பில் தொங்கும் சாமான்தான். முகப்பு போனதால் மாத விற்பனை 1,50,000 ரூபாய் குறைந்தது என்று வைப்போம். நூற்றுக்கு 15 இலாபம் என்றால் இழந்த இலாபம் 22,500 ரூபாய். உள்வாடகையால் கிடைத்ததைவிட இது அதிகம். கையில் காசு வருவதுபோல் தெரியும், வருட முடிவில் நட்டமே நிற்கும். பின்பக்கத்தில் சும்மா கிடந்த இடத்தை 15,000 ரூபாவுக்கு விட்டிருந்தால்கூட இதைவிட நல்லது.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பழக்கம் வேண்டும். “வாடகை 30,000” என்று கழித்து எழதாமல், கொடுத்த வாடகை, வாங்கிய வாடகை, அந்தப் பகுதிக்கான செலவு என்று மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். உள்வாடகைக்காரர் தந்த முற்பணத்தை வருமானத்தில் சேர்க்கக்கூடாது. மூன்று மாத முற்பணமாக 90,000 ரூபாய் வாங்கியிருந்தால், அது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதில் சரக்கு எடுத்தவர், உள்வாடகைக்காரர் விலகும் நாளில் வேறு கடன் தேடி ஓடவேண்டியிருக்கும்.

திகதியும் முக்கியம். உரிமையாளருக்கு மாதம் முதலாம் திகதி கொடுக்க வேண்டும். உள்வாடகைக்காரரின் வியாபாரமோ தோட்டச் சம்பளத்துக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். அவர் பிந்தினாலும் உரிமையாளருக்கு முழு 60,000 ரூபாவையும் கொடுக்கும் பொறுப்பு கடைக்காரருடையதே. “அவர் தரவில்லை” என்பது உரிமையாளரிடம் செல்லுபடியாகும் பதிலல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது கடையே கைவிட்டுப் போவது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் உள்வாடகைக்கு விடமுடியாது. மீறினால் வாடகைக்காரரையும் உள்வாடகைக்காரரையும் சேர்த்தே வெளியேற்ற உரிமையாளர் வழக்கிடலாம். வாய்ச்சொல்லில் “சரி, பார்த்துச் செய்யுங்கள்” என்று சொன்னது போதாது.

எது உள்வாடகை என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. பிரித்தறியக்கூடிய ஒரு தனிப்பகுதி, அதில் ஒருவர் வாடகை கொடுத்துத் தனியுரிமையோடு இருப்பது, அந்தப் பகுதி மீதான கட்டுப்பாட்டைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்திருப்பது ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். தடுப்புச் சுவர், தனிப்பூட்டு, அவரிடமே திறப்பு என்றால் அது உள்வாடகை. கடை முழுவதும் கடைக்காரர் கையிலிருக்க, ஒரு மேசை போட இடம் கொடுப்பது வேறு. வருடாந்தப் பெறுமதி குறித்த அளவுக்கு மேற்பட்ட கடைகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அங்கே குத்தகை உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும். தமது கடை எந்த வகை என்பதைத் தடுப்பு அடிப்பதற்கு முன்பே சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்வாடகைக்கு வருபவர் பெரும்பாலும் சிறிய முதலோடு வருபவர். இடம்பெயர்ந்து வந்து புதிதாகத் தொழில் தொடங்கும் குடும்பமாகவும் இருக்கலாம். தம் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தும், கடைக்காரர் உரிமையாளருக்குக் கொடுக்காததால் அவர் தெருவுக்கு வரநேரலாம். எனவே முற்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: உரிமையாளரின் சம்மதக் கடிதம், குத்தகை முடியும் திகதி, கடைசியாக வாடகை கட்டிய பற்றுச்சீட்டு. குத்தகை ஆறு மாதத்தில் முடிகிறதென்றால், இரண்டு வருடத்துக்கு உள்வாடகை தருவதாகச் சொல்லும் பேச்சுக்கு அடித்தளம் இல்லை.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் கடிதம் அந்தக் காலத்துக்கான உரிமையைத் தராது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. 1983 ஜூலை 27 அன்று பதுளைக் கடைத்தெருவில் வைத்த தீ பண்டாரவளை வரை வந்ததை அனுபவித்தவர்களுக்கு அந்தப் பிரதியின் பெறுமதி தெரியும். கடையோடு பெட்டகம் எரிந்தாலும், யார் எந்தக் கடையில் எந்த உரிமையோடு இருந்தார் என்பதைச் சொல்ல ஒரு காகிதம் வேறோர் இடத்தில் மிஞ்சியிருக்கும்.