லேயைத் தாண்டினால் கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

சென்னையில் ரீசார்ஜ் செய்த ப்ரீபெய்ட் சிம், லே விமான நிலையத்தில் இறங்கியதுமே சிக்னலை இழந்துவிடும். லடாக்கிலும் ஜம்மு காஷ்மீரிலும் வெளிமாநில ப்ரீபெய்ட் எண்கள் வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணத்துக்காக வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. போஸ்ட்பெய்ட் எண் வேலை செய்யும். இந்த விஷயம் பலருக்குத் தெரியும். ஆனால் போன் பேச முடியாது என்பதோடு அது நிற்பதில்லை. கார்டில் பணம் கட்ட வரும் ஓ.டி.பி. வராது. ஜிபே செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால், சிம்மிலிருந்து போக வேண்டிய குறுஞ்செய்தி போகாது, கணக்கு திறக்காது. விடுதி வைஃபையில் யு.பி.ஐ. ஓடலாம், அந்த வைஃபை ஓடினால்தான்.

லே நகரத்துக்குள் இதனால் பெரிய கஷ்டமில்லை. கடைவீதியில் பல ஏ.டி.எம்.கள் இருக்கின்றன. சிக்கல் அங்கிருந்து கிளம்பி நுப்ரா, பாங்காங், ஹான்லே, சோ மோரிரி என்று சுற்றி வரும் அந்த ஐந்தாறு நாட்களில்தான். டீக்கடையில்கூட கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அட்டைக்கு சிக்னல் தேவையில்லை, உங்கள் போனுக்குத்தான் தேவை. கார்டு தேய்க்கும் மெஷினும் உள்ளே ஒரு சிம்மை வைத்துக்கொண்டுதான் பேசுகிறது; டவர் படுத்தால் அதுவும் படுத்துவிடும்.

சரி, ஏ.டி.எம். இருக்கிறதே என்று கேட்கலாம். நுப்ராவில் டிஸ்கிட் ஊரில் இருக்கிறது. ஆனால் ஏ.டி.எம். பணம் தர மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்: பெட்டியில் நோட்டு, மின்சாரம், உங்கள் வங்கியின் கணினியோடு இணைப்பு. பெரிய ஊரில் ஒன்று பழுதானால் அடுத்த தெருவுக்குப் போகலாம். ஒரே மெஷின் உள்ள ஊரில் சுற்றுலா சீசனில் மதியத்துக்குள் நோட்டு தீர்ந்துவிட்டால், மறுபடி நிரப்ப வண்டி மலைக்கணவாய் தாண்டி வர வேண்டும். ஏ.டி.எம். மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் கிடந்தால் வங்கிக்கு அபராதம் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து விதி வைத்திருக்கிறது. அபராதம் வங்கிக்குத்தான், அன்றைக்கு அங்கே போய் நிற்கும் உங்கள் கைக்கு அதனால் ஒரு நோட்டும் வராது.

இதைவிட மோசமானது, மெஷின் பாதி வேலை செய்வது. பணம் கேட்கிறீர்கள், மெஷின் யோசிக்கிறது, இணைப்பு நடுவில் அறுகிறது. கணக்கில் 10,000 கழிந்துவிட்டது, வாயிலில் நோட்டு வரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி இந்தப் பணத்தை ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஐந்து நாள் என்பது உங்கள் பயணம் முழுவதும். எனவே இப்படிப்பட்ட ஊரில் முதலில் 500 ரூபாய் மட்டும் எடுத்துப் பாருங்கள். வந்தால் மீதியைக் கேளுங்கள். வராமல் கழிந்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு வராவிட்டால் மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகாரை மெஷின் வைத்திருக்கும் வங்கியிடம் அல்ல, உங்கள் கணக்குள்ள வங்கியிடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே கணக்குப் போடும்போது டிஸ்கிட் ஏ.டி.எம். இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பயணம் முழுவதற்கும் பணம் கட்டிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. லேயிலிருந்து கிளம்பி லேக்குத் திரும்பும் வரை, அங்கேயே கையில் கொடுத்தாக வேண்டிய செலவு எது? அதை மட்டும் பிரித்தெடுங்கள்.

நான்கு நண்பர்கள், ஐந்து இரவு, ஆறு பகல் என்று வைப்போம். மிகப் பெரிய செலவு டாக்ஸி. அதை லேயிலேயே பேசி, முன்பணத்தை அங்கே கட்டி, மீதியைத் திரும்பி வந்ததும் தருவதாக வைத்தால் அந்தத் தொகை கைப்பணக் கணக்கிலிருந்து நீங்கிவிடும். வெளியூர்க்காரர்களுக்கான நுழைவு அனுமதிக் கட்டணமும் லேயிலேயே முடிந்துவிடும். மிஞ்சுவது தங்குமிடம், சாப்பாடு, சில்லறைச் செலவு. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஒரு அறைக்கு 2,500 என்று வைத்தால், இரண்டு அறைக்கு ஐந்து இரவில் 25,000. மதியச் சாப்பாடு, டீ, மேகி எல்லாம் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 என்றால் ஆறு நாளைக்கு 7,200. ஹுண்டர் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, மடாலய நுழைவு, உண்டியல் என்று 3,000. ஆக 35,200. இது உதாரணக் கணக்குதான். நீங்கள் தங்கப்போகும் இடத்தில் போனில் விலை கேட்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு நாள் மாட்டிக்கொள்ளும் செலவையும் சேர்க்க வேண்டும். கார்துங் லா, சாங் லா இரண்டுமே 5,000 மீட்டருக்கு மேல் உள்ள கணவாய்கள். கோடையிலும் பனி கொட்டிப் பாதை அடைபடலாம். அப்படியானால் ஓர் இரவு, ஒரு பகல் கூடும்: 6,200. மொத்தம் 41,400. தோராயமாக 42,000, ஆளுக்கு 10,500. வண்டி வழியில் படுத்துவிட்டால் வேறு வண்டி பிடிக்க வேண்டுமே என்பார்கள். அந்த வண்டி உங்களை லேக்குத்தான் கொண்டுவரும், அங்கே கொடுத்துக்கொள்ளலாம். அதற்காக இன்னொரு கட்டு நோட்டைச் சுமப்பது வீண் பயம் என்பது என் கட்சி.

நோட்டின் அளவு இன்னொரு சங்கதி. 40 ரூபாய் டீக்கு 500 ரூபாயை நீட்டினால், கடைக்காரர் சில்லறைக்கு எங்கே போவார்? அவருக்கும் பக்கத்தில் வங்கி கிடையாது. 42,000-ல் 12,000-ஐயாவது சிறு நோட்டாக வைத்திருப்பது நல்லது: 200 ரூபாய் நோட்டு 20, 100 ரூபாய் நோட்டு 60, 50 ரூபாய் நோட்டு 40. மீதி 30,000 என்பது அறுபதே 500 ரூபாய் நோட்டு, சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். ஏ.டி.எம்.மில் 5,000 கேட்டால் பெரும்பாலும் பத்து 500 தான் வரும். 4,900 என்று கேட்டுப் பாருங்கள்; சிறு நோட்டுப் பெட்டி இருந்தால் கடைசி 400 அதிலிருந்து வந்தாக வேண்டும். மொத்தமாக வேண்டுமென்றால் ஊரிலேயே வங்கிக் கவுன்ட்டரில் கேட்டு வாங்கிவிடுவது சுலபம். கிழிந்த நோட்டை அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

தேர்தல் நேரத்தில் கிளம்பினால் வங்கிச் சீட்டையும் பணத்தோடு வையுங்கள். 50,000-க்கு மேல் ஒருவரிடம் கணக்கில்லாமல் இருந்தால் பறக்கும் படை பிடித்துவைக்கும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நால்வரும் பிரித்து வைத்துக்கொண்டால் அந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு பை தொலைந்தாலும் எல்லாம் தொலையாது.

எப்போது எடுப்பது? லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போகிறவர்கள் உடம்பு பழக இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும் என்பது வழக்கம். முதல் நாள் படுத்தே இருங்கள், இரண்டாம் நாள் காலையில் ஏ.டி.எம். போங்கள். கிளம்பும் நாள் காலையில் போனால், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நீங்கள் வரிசையில் நிற்பீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வழியில் பணம் குறைந்துவிட்டால், விடுதிக்காரரிடம் இரவே சொல்லிவிடுங்கள். டிரைவரைத் தெரிந்தவராக இருந்தால், லே போய் அனுப்புங்கள் என்று சம்மதிக்கலாம். இல்லையென்றால் வேறு வழி தேட இரவு முழுவதும் இருக்கிறது. காலையில் பையை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, போனில் சிக்னல் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.