ஆட்டத்துக்கு முன் என்ன தெரியும்?

2015 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் பருவம் அன்று தொடங்கியது. லெஸ்டர் சிட்டி தன் மைதானத்தில் சண்டர்லாண்டை 4-2 என்று வென்றது. அன்று காலையில் லெஸ்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், முந்தைய பருவத்தில் 38 ஆட்டங்களில் 41 புள்ளிகள் எடுத்துப் பதினான்காம் இடத்தில் முடித்த அணி என்பதுதான். அந்த அணி கோப்பையை வென்றால் ஒன்றுக்கு 5000 தருவதாகப் பந்தய நிறுவனங்கள் சொன்ன காலம் அது. ஒன்பது மாதம் கழித்து லெஸ்டர் 81 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் இந்த ஆட்டங்களின் பட்டியலை எடுத்து, வெற்றி தோல்வியைக் கணிக்கும் மாதிரி ஒன்றை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அணியின் பலத்தைக் காட்ட ‘அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்க்கிறார். பருவம் முழுவதையும் கூட்டி 38-ஆல் வகுத்தால் லெஸ்டருக்கு 2.13 வருகிறது. அந்த எண் ஆகஸ்ட் 8 ஆட்டத்தின் வரியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்று உண்மையில் தெரிந்திருந்த எண், முந்தைய பருவத்தின் 1.08 மட்டுமே. செல்சிக்கு இதற்கு நேர்மாறு. முந்தைய ஆண்டின் சாம்பியனான செல்சியின் எண் அன்று 2.29, பட்டியலில் இருப்பதோ, அந்தப் பருவத்தில் பத்தாம் இடத்துக்குச் சரிந்த பிறகு கிடைத்த 1.32. ஒரு பந்துகூட உதைக்கப்படாத முதல் நாளிலேயே லெஸ்டரின் எழுச்சியும் செல்சியின் சரிவும் அட்டவணையில் எழுதப்பட்டுவிட்டன.

இதற்குத்தான் கசிவு என்று பெயர். தேர்வுக்கு முன்பே வினாத்தாள் வெளியானால் மாணவரின் மதிப்பெண் எதையும் அளக்காதது போல, கசிந்த தரவில் மாதிரி பெறும் துல்லியமும் எதையும் அளப்பதில்லை.

விளையாட்டுக் கணிப்பில் பலரும் கையாளும் கிரேடியன்ட் பூஸ்டிங் முறை, கசிவை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். அது முதலில் எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான ஓர் ஊகத்தோடு தொடங்குகிறது. பிறகு ஒரு சிறிய தீர்மான மரம், அந்த ஊகம் எங்கெல்லாம் தவறியது என்று பார்த்துக் கொஞ்சம் திருத்துகிறது. மிச்சமிருக்கும் பிழையை அடுத்த மரம் திருத்துகிறது. இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள் வளர்கின்றன. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு கிளையிலும் எல்லா நெடுவரிசைகளையும் பார்த்து, எதை எங்கே வெட்டினால் பிழை அதிகம் குறையுமோ அதைத் தேர்ந்தெடுக்கும். ஓர் எண் எப்போது தெரியவந்தது என்ற கேள்வி அதற்குக் கிடையாது. விடையின் சாயல் படிந்த நெடுவரிசை ஒன்று இருந்தால், மரத்துக்கு மரம் அதையே பிடித்துக்கொள்ளும்.

முழுப் பருவச் சராசரியைக் கவனமானவர்கள் தவிர்த்துவிடுவார்கள். ‘கடைசி ஐந்து ஆட்டங்களின் சராசரிப் புள்ளி’ என்ற எண்ணில் இன்றைய ஆட்டமும் சேர்ந்துவிடுவதுதான் அவர்களையும் ஏமாற்றும். வெற்றிக்கு 3, சமனுக்கு 1, தோல்விக்கு 0. இன்றைய ஆட்டம் அந்த ஐந்தில் ஒன்றாக இருந்து சராசரி 3 என்று வந்தால், இன்று வெற்றி என்பது உறுதி. சராசரி 0 என்றால் தோல்வி உறுதி. இடைப்பட்ட எண்களிலும் விடையின் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருக்கும். இதைத் தடுப்பது ஒரே ஒரு சொல்:

```python
df = df.sort_values("date")
df["form"] = (df.groupby("team")["points"]
    .transform(lambda s: s.shift(1).rolling(5).mean()))
```

இங்கே `shift(1)` ஒவ்வோர் அணியின் புள்ளிகளையும் ஓர் ஆட்டம் கீழே தள்ளுகிறது. அதனால் சராசரி நேற்றுவரை மட்டுமே பார்க்கும். அதை எடுத்துவிட்டாலும் நிரல் பிழையின்றி ஓடும், துல்லியம் உயரும், எச்சரிக்கை எதுவும் வராது.

அடுத்தது, தரவை எப்படிப் பிரிப்பது என்பது. பலரும் பயன்படுத்தும் `train_test_split`, நாம் தடுக்காவிட்டால் வரிகளைக் குலுக்கித்தான் பிரிக்கும். பிப்ரவரி ஆட்டம் பயிற்சிக்குப் போகும், நவம்பர் ஆட்டம் சோதனைக்கு வரும். அதாவது வருங்காலத்தைப் படித்துவிட்டுக் கடந்த காலத்தைக் ‘கணிக்கும்’ நிலை. மேலே உள்ள நிரலைப் போல அணிக்கு ஒரு வரியாக எழுதினால் ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு வரிகளாகிவிடும். குலுக்கும்போது ஒரே ஆட்டத்தில் லெஸ்டரின் வரி பயிற்சியிலும் சண்டர்லாண்டின் வரி சோதனையிலும் விழலாம். ஒன்றில் வெற்றி என்றால் மற்றதில் தோல்வி. விடை அப்படியே கைக்கு வந்துவிடும்.

ஆகவே காலக்கோட்டில்தான் வெட்ட வேண்டும். 2012-13 பருவம் முடிய உள்ள ஆட்டங்களில் பயிற்சி. 2013-14இல் சரிபார்ப்பு, எத்தனை மரங்களோடு நிறுத்துவது என்பது இங்கே முடிவாகும். 2014-15இல் சோதனை. பிறகு மூன்றையும் ஒரு பருவம் முன்னே நகர்த்தி, மாதிரியைப் புதிதாகப் பயிற்றுவித்து, 2015-16இல் சோதிக்க வேண்டும். நடுவில் உள்ள பருவத்தை வீண் என்று நினைத்துச் சோதனைப் பருவத்தைப் பார்த்தே மரங்களின் எண்ணிக்கையை முடிவு செய்தால், அதுவும் கசிவுதான். வெட்டும்போது வரி எண்ணை நம்பாமல் தேதியைப் பார்க்க வேண்டும். `TimeSeriesSplit` போன்ற கருவிகள் வரிகளை எண்ணித்தான் வெட்டுகின்றன. ஒரே பிற்பகலில் நடந்த ஆட்டங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடக்கூடும்.

ஆனால், காலப்படி பிரித்தால் மட்டும் கசிந்த நெடுவரிசை சுத்தமாகிவிடாது. முழுப் பருவச் சராசரி சோதனைப் பருவத்துக்குள்ளும் அதே பொய்யைச் சொல்லும். சோதனை மதிப்பெண்ணும் அழகாகவே வரும். இதைப் பிடிக்க நேரடியான வழி ஒன்று உண்டு. ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்கள். மூலத் தரவில் அந்தத் தேதிக்குப் பிந்தைய வரிகள் அனைத்தையும் நீக்குங்கள். அன்றைய ஆட்டங்களின் முடிவுகளையும் அழித்துவிடுங்கள். பிறகு அன்றைய ஆட்டங்களுக்கான எண்களை முதலிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். பழைய அட்டவணையில் உள்ள எண்களோடு அவை அப்படியே பொருந்த வேண்டும். லெஸ்டரின் 2.13 இந்தச் சோதனையில் முதல் நொடியிலேயே காணாமல் போய்விடும். மாறும் எண் எதுவானாலும், அது வருங்காலத்திலிருந்து வந்தது.

இந்தச் சோதனைக்கும் எட்டாத கசிவு ஒன்று உண்டு. அணிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்புதான் வெளியாகும். பந்தய விகிதமும் கடைசி நிமிடம் வரை மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமையே கணிப்பு வேண்டுமென்றால் சனிக்கிழமை மதிய எண்களைத் தொடக்கூடாது. தேதி மட்டும் பதிவான கோப்பில் இந்த வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அது எப்போது தெரியவரும் என்று கையால் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெற்றி, சமன், தோல்வி என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லும் கால்பந்து மாதிரிகள், ஒழுங்காகச் செய்யப்பட்டால், பாதிக்குச் சற்று மேலான ஆட்டங்களையே சரியாகக் கணிக்கின்றன. எழுபது சதவீதம் என்று வந்தால் கொண்டாடுவதற்கு முன் கசிவைத் தேட வேண்டும்.

காலப்படி வெட்டும்போது மதிப்பெண் குறைவது கசிவு அடைபடுவதால் மட்டுமல்ல, உலகம் மாறுவதாலும்தான். 2020-21 பருவத்தில் கொரோனா காரணமாகப் பெரும்பாலான ஆட்டங்கள் ரசிகர்கள் இல்லாமல் நடந்தன. பிரீமியர் லீக் வரலாற்றில் முதன்முறையாக, உள்ளூர் அணிகளைவிட (144) வந்த அணிகள் (153) அதிகம் வென்றன. தரவைக் குலுக்கிப் பிரித்து, பருவம் என்ற நெடுவரிசையையும் கொடுத்திருந்தால், அந்தப் பருவத்தின் பாதியைப் படித்த மாதிரி மீதிப் பாதியில் உள்ளூர்ச் சாதகத்தைக் குறைத்தே கணக்கிட்டிருக்கும். 2019-20 வரை மட்டும் படித்த மாதிரி தடுமாறியிருக்கும். 2020 செப்டம்பரில் கணிப்புச் சொல்ல உட்கார்ந்த எவருக்கும் அந்தத் தடுமாற்றம்தான் காத்திருந்தது. அது எவ்வளவு பெரியது என்பதை முன்கூட்டியே காட்டக்கூடியது காலப்படி பிரித்த சோதனை மட்டுமே.