கழுவும் நேரமே கைத்திறன்: கூழாங்கல் நடைபாதை

வாசலிலிருந்து வீடு வரை கூழாங்கல் தலைகாட்டி நிற்கும் நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பதித்து, சாந்தால் மூடி, பிறகு மேல் சாந்தை மட்டும் கழுவி எடுப்பதுதான் வேலை. மழையில் நனைந்தாலும் சொரசொரப்பு போகாததால் கால் எளிதில் வழுக்காது.

முதலில் கணக்கு. அடியில் 75 மி.மீ. ஜல்லி கான்கிரீட் தளம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலந்த சாந்து 25 மி.மீ. கனத்துக்கு வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குச் சிமென்ட் 12 கிலோ, மணல் 25 லிட்டர், அதாவது சுமார் 40 கிலோ. சாந்து தளத்தோடு ஒட்ட, முன்னதாகப் பூசும் சிமென்ட் பாலுக்கு இன்னும் 2 கிலோ. 10 முதல் 12 மி.மீ. வரையுள்ள கூழாங்கல் ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 18 கிலோ பிடிக்கும். ஒரு மீட்டர் அகலத்தில் பத்து மீட்டர் நீளப் பாதை என்றால் மூன்று மூட்டை சிமென்ட், 9 கன அடி மணல், 180 கிலோ கல். சேதாரத்துக்குக் கல்லை மட்டும் 200 கிலோவாக வாங்குங்கள்.

கல்லைத் தூசி போகக் கழுவி, ஈரமாக வைத்திருக்க வேண்டும். தூசி படிந்த கல்லைச் சாந்து பிடிக்காது. சாந்தை ஓரப்பலகையைவிட 7 மி.மீ. தாழ்வாக மட்டம் பிடியுங்கள். கல் உள்ளே போகும்போது சாந்து அந்த அளவுக்கு மேலேறும். கல்லை நெருக்கமாகத் தூவி, மட்டப்பலகையால் தட்டி அமுக்கி, சாந்து மேலே கசிந்து கல் மறையும்வரை கரணையால் தேய்க்க வேண்டும். தண்ணீர் வடிய, மீட்டருக்கு 15 மி.மீ. வாட்டம் போதும்.

இனிதான் சோதனை. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத பதம் வரக் காத்திருக்க வேண்டும். வெயில், காற்றைப் பொறுத்து இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். ஓர் ஓரத்தில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். கல் பெயர்ந்தால் உடனே நிறுத்திவிட்டு, இன்னும் சற்றுப் பொறுங்கள். கல் அசையாமல் சாந்து மட்டும் கரைந்தால் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. ஆழமாகக் கழுவினால் பின்னாளில் கல் ஒவ்வொன்றாக உதிரும். நேரம் தவறிச் சாந்து இறுகிவிட்டால் பிரஷ் தோற்றுவிடும். அதனால் ஒரே மூச்சில் பத்து மீட்டரையும் போடாமல், கழுவி முடிக்கக்கூடிய அளவுக்கு இரண்டிரண்டு மீட்டராகப் போடுவதே புத்திசாலித்தனம்.

கழுவிய சிமென்ட் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நீராற்றுங்கள்.