ஏழும் இருபதும்

2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், தமிழ்நாடு காவல்துறையில் 31 பேர் கோவிட்டால் இறந்தார்கள். துறையின் மொத்த பலம் 1,17,524. தடுப்பூசியே போடாதவர்கள் 17,059 பேர். அவர்களில் இறந்தவர்கள் 20. ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7. இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை எடுத்து வெளியிட்டார்கள்.

ஒரு தவணைக்காரர்களை மட்டும் பார்ப்போம். ஊசி போடாதவர்களில் ஆயிரத்துக்கு 1.17 பேர் இறந்தார்கள், போட்டவர்களில் 0.21 பேர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.18. இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க். மரண ஆபத்து ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. ஆனால் தற்செயலுக்கு இடம் விட்டுப் பார்த்தால், உண்மையான மதிப்பு 0.08 முதல் 0.43 வரை எங்கும் இருக்கலாம் என்றுதான் ஆய்வு சொன்னது. ஐம்பதாயிரம் பேரை வைத்து எடுத்த கணக்கில் எதற்கு இவ்வளவு அகலம்?

அந்த அகலத்தைத் தீர்மானிப்பது ஐம்பதாயிரம் அல்ல, 7-உம் 20-உம். ஏழில் ஒன்றையும் இருபதில் ஒன்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்கினால் 0.86. அதன் அடுக்கேற்ற மதிப்பு சுமார் 2.4. 0.18-ஐ அதனால் வகுத்தால் கீழ் எல்லை, பெருக்கினால் மேல் எல்லை. காவலர் எண்ணிக்கை இங்கே எங்குமே வரவில்லை. காவல்துறை பத்து மடங்கு பெரிதாக இருந்து இறந்தவர்கள் அதே 27 பேர் என்றால், எல்லைகள் இம்மியும் நகர்ந்திருக்காது.

ஆய்வு தொடங்குமுன் எத்தனை பேர் தேவை என்று கேட்பவருக்கும் இதுதான் பிடி. அரிய நோய்க்கான எளிய சூத்திரம் இது:

n = 7.85 × (p₀ + p₁) ÷ (p₀ − p₁)²

p₀ ஆபத்துக்கு உட்படாதவர்களின் நோய் விகிதம், p₁ உட்பட்டவர்களுடையது, n ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவையான ஆட்கள். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம், இருப்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்று வைத்தால் 7.85 வரும். காவலர் எண்களைப் போட்டால் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 12,000 பேர். தடுப்பூசி மரணத்தைப் பாதியாக மட்டும் குறைக்கக்கூடியது என்றால் 40,000 தேவை. இருந்த 17,059 பேரும் 32,792 பேரும் அதற்குக் காணாது. விளைவு வலுவாக இருந்ததால்தான் ஆய்வு பிழைத்தது.

இதையே வேளச்சேரிக்குக் கொண்டுவருவோம். ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர் பக்கம் மழைத் தண்ணீர் நின்ற தெருக்காரர்கள் ஒரு பக்கம், நிற்காத தெருக்காரர்கள் மறுபக்கம். தண்ணீர் நிற்காத தெருவில் ஒரு மாதத்தில் நூறு பேரில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, நின்ற தெருவில் அது இரட்டிப்பு என்று வைத்துக்கொள்வோம் (என் அனுமானம்தான், அளந்தது அல்ல). இங்கே நோய் அரிதல்ல என்பதால் (p₀ + p₁) இருந்த இடத்தில் p₀(1 − p₀) + p₁(1 − p₁) போட வேண்டும்; அப்படிப் போட்டால் பக்கத்துக்குச் சுமார் 200 பேர் போதும். வயிற்றுப்போக்குக்குப் பதிலாக எலிக்காய்ச்சல், அதுவும் ஆயிரத்துக்கு ஒருவருக்கு என்றால்? அதே இரட்டிப்பைப் பிடிக்க 23,500 பேர். ஆட்கள் நூறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டார்கள். ஆனால் நோயாளிகளை எண்ணுங்கள்: முதல் ஆய்வில் 20-உம் 40-உம் சேர்ந்து 60, இரண்டாவதில் சுமார் 70. தேவைப்பட்டது எப்போதும் அந்த அறுபது எழுபது பேர்தான். மற்ற ஆயிரக்கணக்கானோர் அவர்கள் வரும்வரை கூட நிற்கிறார்கள், அவ்வளவே.

காகிதத்தில் வந்த 200 தெருவில் செல்லாது. ஒரே தெருக்காரர்கள் ஒரே குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள். ஒருவருக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வரும். அதனால் தெருவுக்கு 20 பேர் எடுத்தால், அவர்களுக்குள் ஒற்றுமை 0.05 என்ற சிறிய அளவே இருந்தாலும் எண்ணிக்கையை ஏறக்குறைய இரண்டால் பெருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் இடையில் மாறிப்போவார்கள். ஐந்தில் ஒருவர் போவார் என்றால் 0.8-ஆல் வகுக்க வேண்டும், பலர் 1.2-ஆல் பெருக்கிவிட்டுக் கடைசியில் ஆள் குறைந்து நிற்கிறார்கள். 200 இப்படி 500 ஆகிறது.

எண்ணிக்கை தீர்க்காத சங்கடமும் உண்டு. ஊசி போட்ட காவலரும் போடாதவரும் வயதிலும், முன்பே இருந்த நோய்களிலும் வேறுபட்டிருக்கலாம். அந்த வேறுபாட்டை லட்சம் பேரைச் சேர்த்தாலும் அழிக்க முடியாது. தவறான விடை இன்னும் துல்லியமாகக் கிடைக்கும்.

எலிக்காய்ச்சலுக்காக வேளச்சேரியில் 47,000 பேரைப் பின்தொடர யாரும் பணம் தரப்போவதில்லை. அப்போது ஆய்வாளர் திசையை மாற்றிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்கு வந்த எலிக்காய்ச்சல் நோயாளிகளையும், அதே பகுதியில் நோய் வராத வேறு சிலரையும் எடுத்து, யார் யார் தண்ணீரில் நடந்தார்கள் என்று பின்னோக்கிக் கேட்பார். ரிலேட்டிவ் ரிஸ்க்கை இதில் நேரடியாகக் கணக்கிட முடியாது. ஆனால் நோய் இவ்வளவு அரிதாக இருக்கும்போது, இதில் கிடைக்கும் வாய்ப்பு விகிதம் கிட்டத்தட்ட அதே எண்ணாகத்தான் வரும்.