அடுத்த அடி எது?

திரையில் ஒரு வீரன் நேராக ஓடிக்கொண்டிருக்கிறான். ஆடுபவர் ஜாய்ஸ்டிக்கைச் சட்டென்று பின்பக்கம் இழுக்கிறார். வீரன் காலை ஊன்றி, உடலைத் திருப்பி, வந்த வழியே ஓட வேண்டும். எந்தக் காலை ஊன்றுவது?

பழைய முறையில் நடை, ஓட்டம், திருப்பம் என்று தனித்தனித் துண்டுகள் இருக்கும். எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை அனிமேட்டர் ஒவ்வொன்றாக இணைத்து வைப்பார். அசைவுகள் பெருகப் பெருக இணைப்புகள் சிக்கலாகிவிடும். ‘மோஷன் மேட்சிங்’ அந்த இணைப்பு வேலையையே தூக்கி எறிந்தது. யுபிசாஃப்ட் தன் ‘ஃபார் ஹானர்’ விளையாட்டில் இதைப் பயன்படுத்தியது. 2016இல் சைமன் கிளாவே ஒரு மாநாட்டு உரையில் இதை விளக்கினார்.

நடிகர் ஒருவரை ஓடவும் நிற்கவும் திரும்பவும் வைத்துப் பதிவு செய்கிறார்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால், பத்து நிமிடப் பதிவில் 36,000 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 27 எண்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது ஒரு வழக்கம். பாதங்கள் இருக்கும் இடம், அவற்றின் வேகம், இடுப்பின் வேகம், அடுத்த ஒரு வினாடிக்குள் அந்த நடிகர் போய்ச் சேர்ந்த இடங்களும் பார்த்த திசைகளும், அவ்வளவுதான். முழங்கை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பாதமும் பாதையும் பொருந்தினால் மற்றவை பெரும்பாலும் தாமே பொருந்திவிடும்.

இப்போது நம் வீரனுக்கு வருவோம். ஜாய்ஸ்டிக் திரும்பியதும், இனி அவன் போகவேண்டிய பாதையை நிரல் கணிக்கிறது. அதனுடன் அவனுடைய இப்போதைய பாதநிலையையும் சேர்த்து, 36,000 நிலைகளோடும் ஒப்பிட்டு, வித்தியாசம் மிகக் குறைவானதை எடுக்கிறது. வலது காலை ஊன்றித் திரும்பிய பதிவும் உண்டு, இடது காலை ஊன்றியதும் உண்டு. பாதையை மட்டும் பார்த்தால் இரண்டுமே சரி. ஆனால் வலது பாதம் இப்போது தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருப்பதால் முதல் பதிவே வெல்கிறது. ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது தெரியும் சிறு உதறல், அடுத்த சில ஃபிரேம்களில் கரைக்கப்படுகிறது. இந்தத் தேடல் வினாடிக்குப் பலமுறை நடக்கும். பெரும்பாலும், ஓடிக்கொண்டிருக்கும் பதிவே தொடரட்டும் என்பதுதான் விடையாக வரும்.

பாதைக்கு எவ்வளவு மதிப்பு, பாதத்துக்கு எவ்வளவு என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார். பாதைக்கு அதிகம் கொடுத்தால் வீரன் சொன்னதும் திரும்புவான், ஆனால் அசைவு வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். பாதத்துக்கு அதிகம் கொடுத்தால் அழகாக ஓடுவான், திரும்பத் தாமதிப்பான்.

தரையில் பாதம் வழுக்குவதைக் கண்டால், விளையாட்டு கேட்கும் வேகமும் நடிகர் ஓடிய வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பாதை, பாதம் இவற்றின் மதிப்புகளை மாற்றிப் பயனில்லை. விளையாட்டின் வேகத்தை மாற்றுங்கள், அல்லது அந்த வேகத்தில் நடிகரை மீண்டும் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள்.