அணிலின் நிழல் எந்தப் பக்கம்?

ஒரு சிறுவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் உள்ளங்கையில் ஒரு கார்ட்டூன் அணில். சிறுவன் மட்டும்தான் நிஜம். திண்ணையும் அணிலும் கணினியில் செய்தவை. அணிலை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், சில படங்களில் அது கையில் உட்காராமல் ஸ்டிக்கர்போலத் தெரியும். குற்றம் பெரும்பாலும் வெளிச்சத்தில்தான்.

சிறுவனைப் பச்சைத் திரைக்கு முன்னால் படமெடுக்கிறார்கள். மனிதத் தோலில் பச்சை குறைவு. டிஜிட்டல் கேமராவும் பச்சையைத்தான் அதிக நுணுக்கமாகப் பதிவு செய்கிறது. அதனால் கணினி பின்னணியைச் சுலபமாக நீக்கிவிடும். சிறுவன் திரையை ஒட்டி நின்றால் மட்டும் வம்பு. திரையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து காதோரத்திலும் தலைமுடியிலும் பச்சையாகப் படியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, திரைக்கும் அவனுக்கும் தனித்தனி விளக்கு வைப்பதே வழக்கம்.

அதற்கும் முன்பே முடிவாக வேண்டியது ஒன்று உண்டு: திண்ணையில் சூரியன் எந்தப் பக்கம்? இடதுபுறம் தாழ்ந்த மாலை வெயில் என்றால், சிறுவனுக்கான முக்கிய விளக்கையும் இடதுபுறம் தாழ்த்தி, ஆரஞ்சு ஜெல் தாள் போட்டு வைக்க வேண்டும். திண்ணையை எப்போதும் மாற்றி வரையலாம். சிறுவன் முகத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

காட்சி முடிந்ததும் அவன் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிற உருண்டையையும் கண்ணாடிபோல மின்னும் உருண்டையையும் பிடித்துப் படமெடுப்பார்கள். விளக்குகள் எங்கெங்கே இருந்தன என்பதை மின்னும் உருண்டை காட்டும். நிழல் எவ்வளவு மென்மையாக இறங்குகிறது என்பதைச் சாம்பல் உருண்டை காட்டும். கணினியில் அதேபோல ஒரு சாம்பல் உருண்டை செய்து, இரண்டும் ஒன்றுபோல ஆகும்வரை விளக்குகளை நகர்த்துவார்கள். அந்த விளக்குகளின் கீழேதான் அணில் வந்து உட்காரும்.

இதைக் கையாலேயே வரைந்த காலமும் உண்டு. 1988-இல் வந்த 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' படத்தில் தொங்கும் விளக்கில் நடிகரின் தலை இடிக்கும், விளக்கு ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஏற்ப, கார்ட்டூன் முயலின் மேல் விழும் நிழலையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாற்றி வரைந்தார்கள். விளக்கை இடிக்காமலே காட்சியை முடித்திருக்கலாம். அந்த வீம்புதான் எனக்குப் பிடித்தது.

அடுத்தது உள்ளங்கை. அணிலின் நிழல் அங்கே விழ வேண்டும். நிஜக் கையில் அது கிடையாது. ஆகவே கையின் வடிவில் ஒரு மாதிரி செய்து, நிழலை மட்டும் வாங்கிக்கொண்டு, மாதிரியைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுவார்கள். பாதம் தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடு இல்லையென்றால் அணில் அரை அங்குலம் மிதக்கும். சிறுவனின் சட்டை சிவப்பு என்றால் அணிலின் வயிற்றிலும் லேசாகச் சிவப்பு தட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. படத்தின் பிரகாசத்தை வேண்டுமென்றே கூட்டிப் பார்ப்பார்கள். சிறுவனின் தலைமுடிக் கறுப்பு சாம்பலாக வெளுத்து, அணிலின் கண் மட்டும் கரியாகவே நின்றால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.